ஒரே வேலைக்கு மூன்று கன்சல்டன்சி: நான் அனுப்பிய பதில்கள்

மூவருக்கும், திங்கள் மாலை

வணக்கம்.

சோழிங்கநல்லூர் அலுவலகத்தில் சீனியர் ஜாவா டெவலப்பர் வேலை இருப்பதாகத் தெரிவித்ததற்கு நன்றி. எனக்கு விருப்பம் உண்டு. ஆனால் இதே வேலைக்கு இன்று உங்களையும் சேர்த்து மூன்று கன்சல்டன்சியிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஸ்பிரிங் பூட், காஃப்கா, வங்கிப் பணப் பரிமாற்றப் பிரிவு, வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் என்று மூன்றிலும் ஒரே விவரம்தான். கிளையண்டும் ஒன்றே என்று நினைக்கிறேன். அதனால் யாராவது ஒருவர் வழியாக மட்டுமே போக விரும்புகிறேன்.

கிளையண்ட் பெயரையும் வேலை எண்ணையும் சொல்லுங்கள். நீங்கள் நேரடி வெண்டரா, இடையில் இன்னொரு நிறுவனம் இருக்கிறதா? சம்பளம் கிளையண்ட் தருவதா, உங்கள் பேரோலில் ஒப்பந்தமா?

நான் எழுத்தில் சம்மதம் தரும்வரை என் ரெஸ்யூமேயை எங்கும் ஏற்ற வேண்டாம். நௌக்ரியில் இருக்கும் பழைய ரெஸ்யூமேயையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பான் எண், பிறந்த தேதி போன்றவற்றையும் அதன் பிறகே தருவேன்.

கலைச்செல்வி
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்


முதலில் அழைத்த மேடத்துக்கு, செவ்வாய் காலை

வணக்கம் மேடம்.

கேட்ட எல்லாவற்றுக்கும் நேற்று இரவே தெளிவாகப் பதில் சொன்னீர்கள். நேரடி வெண்டர், கிளையண்டின் நிரந்தர வேலை என்பதும் புரிந்தது. JR-20417 என்ற வேலை எண்ணுக்கு என் ரெஸ்யூமேயை அனுப்ப உங்களுக்கு மட்டும் சம்மதம் தருகிறேன். இந்தச் சம்மதம் இந்த ஒரு வேலைக்கு மட்டும்தான். அதே கிளையண்டில் வேறு வேலை வந்தால் மறுபடி என்னைக் கேளுங்கள்.

ஏற்றுவதற்கு முன் கிளையண்ட் போர்ட்டலில் என் மெயில், கைபேசி எண் இரண்டையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே என் பெயர் இருந்தால் ஏற்றாமல் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். யார் எப்போது அனுப்பினார்கள் என்று கேட்டு நானே சரிசெய்து தருகிறேன். ஏற்றிவிட்டால், போர்ட்டல் தரும் ஒப்புகையை அன்றே எனக்கு அனுப்புங்கள். மற்ற இருவருக்கும் அதை நம்பித்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வியாழன் மாலைக்குள் ஏற்ற முடியாவிட்டால் இந்தச் சம்மதம் முடிந்ததாக வைத்துக்கொள்வோம்.

ஜாவாவில் ஆறு ஆண்டு அனுபவம், காஃப்காவில் இரண்டு. இப்போது புதுச்சேரியில் வேலை. தற்போதைய சி.டி.சி. 9.6 லட்சம், எதிர்பார்ப்பு 14 லட்சம். நோட்டீஸ் பீரியட் 60 நாள். ரெஸ்யூமேயில் எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். குறிப்பாகக் காஃப்கா அனுபவத்தை அப்படியே விடுங்கள், நேர்காணலில் அதைத்தான் துருவுவார்கள். நேரில் வரச் சொன்னால் ஒரு நாள் முன்னதாகத் தெரிந்தால் போதும், காலை பஸ் பிடித்து வந்துவிடுவேன்.

கலைச்செல்வி


இரண்டாவது கன்சல்டன்சிக்கு, புதன்

வணக்கம் சார்.

நீங்கள் சொன்ன வேலைக்கு வேறொரு கன்சல்டன்சி வழியாக நேற்று என் ரெஸ்யூமே போய்விட்டது. ஒப்புகையும் வந்துவிட்டது. தயவுசெய்து நீங்கள் அனுப்ப வேண்டாம். சென்னையிலோ புதுச்சேரியிலோ வேறு ஜாவா வேலை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

கலைச்செல்வி


மூன்றாவது கன்சல்டன்சிக்கு, புதன் இரவு

வணக்கம் சார்.

போனில் பேசியதை எழுத்திலும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கு உங்கள் வழியாக என் ரெஸ்யூமே போக எனக்குச் சம்மதம் இல்லை.

இரண்டு லட்சம் கூடுதலாக வாங்கித் தருவதாகச் சொன்னீர்கள். உங்கள் அக்கறைக்கு நன்றி. ஆனால் ஒரே ஆளை இரண்டு வெண்டர் அனுப்பினால், கமிஷன் யாருக்கு என்ற தகராறு கிளையண்டிடம்தான் போகும். அந்தத் தலைவலி வேண்டாம் என்று ஆளையே ஒதுக்கிவிடும் நிறுவனங்கள் உண்டு. ஒரே பெயருக்கு இரண்டு சம்பள எதிர்பார்ப்பு போனால் என்மேலும் நம்பிக்கை போகும்.

வேறு மெயில் ஐடி போட்டு அனுப்பலாம் என்றும் சொன்னீர்கள். அது என்னால் முடியாது சார். படிப்பு, வேலை பார்த்த இடங்கள், கைபேசி எண் எல்லாம் ஒன்றாக இருக்கும்போது மெயிலை மட்டும் மாற்றினால் ஒளித்து அனுப்பியதாகத்தான் தெரியும். வேலை கிடைத்த பிறகு சரிபார்ப்பில் அது வெளிவந்தால் ஆஃபரே போய்விடும்.

இதற்குள் நீங்கள் ஏற்றியிருந்தால் இன்றிரவே சொல்லிவிடுங்கள், கோபப்பட மாட்டேன். திரும்பப் பெறும்படி நீங்கள் கிளையண்டுக்கு எழுதி, எனக்கும் ஒரு பிரதி அனுப்பினால் போதும். ஏற்றவில்லை என்றால் "அனுப்பவில்லை" என்று ஒரு வரி பதில் போடுங்கள். நாளை காலை பத்து மணிக்குள் அது வந்தால் எனக்கு நிம்மதி.

கலைச்செல்வி