சாப்பிட்டபின் வரும் தொண்டை எரிச்சல், குரல் கம்மல், இருமல்: என் மருத்துவருக்கு

கும்பகோணம்,
19.08.2024

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை (24.08.2024) தங்களைப் பார்க்க வருகிறேன். இப்போது பேசத் தொடங்கினால் நான்கு வாக்கியத்துக்குள் குரல் உடைந்துவிடுகிறது. சொல்ல வேண்டியதும் நிறைய இருக்கிறது. அதனால் எழுதி அனுப்புகிறேன். வரும்முன் ஒருமுறை படித்து வையுங்கள் அம்மா.

முதலில் ஒரு திருத்தம். ஜூலை 20 அன்று நீங்கள் எழுதிக்கொடுத்த பான்டோபிரசோல் 40 மி.கி. மாத்திரையை 22ஆம் தேதியிலிருந்து மூன்று வாரம் காலை டிபனுக்குப் பிறகு போட்டுக்கொண்டிருந்தேன். சீட்டில் 'உணவுக்கு முன்' என்றுதான் இருந்தது. தைராய்டு மாத்திரையோடு இதுவும் வெறும் வயிற்றில் வேண்டாம் என்று நானாகவே மாற்றிக்கொண்டேன். சாப்பாடு உள்ளே போகும்போது இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்புகள் வேலை செய்யத் தொடங்கும், அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் இருந்தால்தான் அவற்றை அடைக்கும் என்பது பிறகுதான் புரிந்தது. ஆகஸ்ட் 12 முதல் டிபனுக்கு 35 நிமிடம் முன்பாகப் போடுகிறேன். ஆகவே 'மாத்திரை மூன்று வாரம் போட்டும் கேட்கவில்லை' என்று கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். சரியான முறையில் போட்டது இன்றோடு எட்டு நாள் மட்டுமே.

தொந்தரவு ஜூன் மூன்றாம் வாரத்தில் தொடங்கியது. ஒன்பது வாரமாகிறது. எரிச்சல் நெஞ்சில் இல்லை, தொண்டைக்குழியில் இருக்கிறது. மதியச் சாப்பாடு முடிந்து 20 முதல் 40 நிமிடத்துக்குள் வரும், ஒரு மணி நேரம் போல நிற்கும். அதோடு வறட்டு இருமல், ஓயாமல் செருமத் தோன்றுவது, தொண்டையில் ஏதோ உருண்டை நிற்பது போன்ற உணர்வு. எச்சில் விழுங்கும்போது அந்த உருண்டை தெரிகிறது, சோறு விழுங்கும்போது தெரியவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று முறை புளிப்புத் தண்ணீர் எதுக்களித்து வாய்வரை வருகிறது, பெரும்பாலும் குனிந்து கோலம் போடும்போது அல்லது மாணவர் மேசைமேல் சாய்ந்து நோட்டுத் திருத்தும்போது. காலையில் எழுந்ததும் குரல் கரகரவென்று இருக்கும், ஒன்பது மணி வாக்கில் கொஞ்சம் தெளியும், ஐந்தாம் பீரியடில் மறுபடி கம்மிவிடும். உயர்ந்த சுருதி வரவே இல்லை. காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடும்போது மேல் வரியில் வெறும் காற்றுதான் வருகிறது.

நீங்கள் கேட்கக்கூடியவற்றுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் இல்லை. சளியில் ரத்தம் இல்லை. உணவு தடைபடுவதில்லை, காதுவலி இல்லை, கழுத்தில் கட்டி தென்படவில்லை. மலம் கறுப்பாகப் போகவில்லை. எடை குறையவில்லை, கூடியிருக்கிறது: ஒரு வருடத்தில் 63 கிலோவிலிருந்து 68. உயரம் 156 செ.மீ. மூச்சு இழுப்பு இல்லை. மூக்கிலிருந்து தொண்டைக்குள் சளி இறங்குவதாகத் தெரியவில்லை. வீட்டில் யாரும் புகைப்பதில்லை. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டியதால், அதுவும் தினமும் 52 பிள்ளைகள் இருக்கும் மூடிய அறையில் நிற்பவள் என்பதால், ஜூலை முதல் வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளி கொடுத்துப் பார்த்துவிட்டேன். காசநோய் இல்லை என்று வந்தது. மார்பு எக்ஸ்ரேயும் சரியாக இருந்தது. இரண்டு அறிக்கைகளையும் எடுத்து வருகிறேன்.

ஆகஸ்ட் 4 முதல் 17 வரை 14 நாள், சாப்பிட்ட நேரம், சாப்பிட்டது, எரிச்சல், மறுநாள் காலைக் குரல் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்தேன். அதில் 9 நாள் பள்ளி, 5 நாள் விடுமுறை. பள்ளி நாட்களில் புளியோதரை, எலுமிச்சை சாதம், தக்காளி சாதம் கொண்டுபோனது 5 நாள், அதில் 4 நாள் எரிச்சல் வந்தது. தயிர் சாதமோ பருப்பு சாதமோ கொண்டுபோன 4 நாளில் ஒரு நாள் மட்டுமே வந்தது. அந்த ஒரு நாளும் மாவடு ஊறுகாய் அதிகம்.

எனக்கு முக்கியமாகப் படுவது விடுமுறை நாட்கள்தான். அந்த 5 நாளும் வகுப்பில்லை, சத்தம் போட்டுப் பேசவில்லை. இருந்தும் 3 நாள் மதியம் எரிச்சலும் இருமலும் வந்தன. இரண்டு ஞாயிறு பிரியாணி, 15ஆம் தேதி வத்தக்குழம்பு. மூன்று நாளும் சாப்பிட்ட கையோடு படுத்துவிட்டேன். 'டீச்சருக்குத் தொண்டை கட்டாமல் இருக்குமா' என்று எல்லாரும் சொல்வதை நானும் நம்பியிருந்தேன். குரல் உழைப்பு மட்டும் காரணம் என்றால் வாய் திறக்காத நாளில் இப்படி வரக் கூடாது.

இரவுக் கணக்கு இன்னும் தெளிவாக இருக்கிறது. ஒன்பது மணிக்குமேல் சாப்பிட்டு பத்தரைக்குள் படுத்தது 8 இரவு, மறுநாள் காலை குரல் கம்மியது 7 முறை. ஏழரைக்குள் சாப்பிட்டது 6 இரவு, கம்மியது ஒரு முறை. 14 நாள் சிறிய கணக்கு என்பது தெரியும். ஆனாலும் வித்தியாசம் கண்ணில் படுகிறது.

அதற்காகக் குரல் உழைப்பைத் தள்ளிவிடவும் முடியாது. தினமும் ஐந்து பீரியடு, ஒவ்வொன்றும் 45 நிமிடம். நான்கு மின்விசிறி ஓடும் அறையில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கப் பேச வேண்டும். ஆறு பீரியடு எடுத்த இரண்டு நாளும், சாப்பாடு எதுவானாலும், மாலையில் குரல் அறவே போய்விட்டது. அமிலம் பட்டு வீங்கிய குரல்நாணை வைத்துக்கொண்டு கத்துவதால் இரண்டும் ஒன்றையொன்று கூட்டுகின்றனவா, அல்லது குரல்நாணில் முடிச்சு ஏதும் விழுந்துவிட்டதா? இதை வெளியிலிருந்து சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். என் வயது 46, கம்மல் நான்கு வாரத்தை எப்போதோ தாண்டிவிட்டது. அதனால் அடுத்த இரண்டு மூன்று மாத மருந்துக்கு முன்னால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பி கேமரா வைத்துக் குரல்நாணைப் பார்த்துவிட வேண்டும் என்பதே இந்தக் கடிதத்தின் முதல் வேண்டுகோள். இரைப்பை எண்டோஸ்கோப்பியும் தேவையா என்பதைப் பிறகு நீங்கள் முடிவு செய்யுங்கள்.

இப்போது தினமும் உள்ளே போகும் மருந்துகள்: காலை 5.15க்கு தைராக்சின் 50 மைக்ரோகிராம், 7.10க்கு பான்டோபிரசோல் 40 மி.கி., இரவு அம்லோடிபின் 5 மி.கி. இடையில் நீங்கள் எழுதாத இரண்டும் போயின, மறைக்க விரும்பவில்லை. ஜூலை கடைசியில் ஐந்து நாள் டோம்பெரிடோன் சேர்ந்த கேப்சூல் மருந்துக்கடையில் வாங்கிப் போட்டேன், வித்தியாசம் இல்லை, நிறுத்திவிட்டேன். முழங்கால் வலிக்கு வாரம் ஒன்றிரண்டு டைக்ளோஃபெனாக் போட்டதும் உண்டு, ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து அதுவும் இல்லை.

அம்லோடிபின் பற்றி ஒரு சந்தேகம். முன்பு எனலாபிரில் போட்டபோது இருமல் வந்ததால் பிப்ரவரியில் நீங்கள்தான் இதற்கு மாற்றினீர்கள். அந்த இருமல் மூன்று வாரத்தில் அடங்கியது. சாப்பாட்டோடு தொடர்பில்லாமல் நாள் முழுக்க வந்தது, இது அப்படி இல்லை. ஆனால் அம்லோடிபின் ரத்தக்குழாய்த் தசையைத் தளர்த்துவது போல உணவுக்குழாயின் கீழ் மூடுதசையையும் தளர்த்தக்கூடும் அல்லவா? எதுக்களிப்பு கூடியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்குமா, வேறு மாத்திரை பொருந்துமா? ரத்த அழுத்தம் இப்போது 128/82 அளவில் இருக்கிறது, நானாக எதையும் நிறுத்தவில்லை.

தைராய்டு விஷயத்தில் இன்னொன்று. ஏப்ரலில் டி.எஸ்.எச். 3.1. தைராய்டு குறைந்தாலும் குரல் தடிக்கும், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை தைராக்சின் உறிஞ்சப்படுவதையும் குறைக்கலாம். தைராக்சின் போட்டு 25 நிமிடத்திலேயே பால் காபி குடிக்கும் பழக்கமும் இருந்தது, இப்போது ஒரு மணி நேரம் தள்ளுகிறேன். சனிக்கிழமையே டி.எஸ்.எச். எடுக்கலாமா, இரண்டு மாதம் கழித்தா?

வீட்டளவில் மாற்றியவை: கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து ஆறு அங்குலம் உயர்த்தியாயிற்று. அதற்குமுன் மூன்று தலையணை வைத்துப் பார்த்தேன், கழுத்து மடங்கி வயிறு இன்னும் அமுங்கியதால் எதுக்களிப்பு கூடத்தான் செய்தது. இடப்பக்கம் சாய்ந்து படுக்கிறேன். உள்பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுவதை விட்டேன். சேலை நிற்க வேண்டுமே என்று இறுக்கிய முடிச்சு நாள் முழுக்க வயிற்றை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறது, தளர்த்திய முதல் நாளே மதிய எதுக்களிப்பு குறைந்தது. வகுப்பில் குரலுக்காக ஆறேழு மெந்தால் மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தேன். புதினா வகையும் மூடுதசையைத் தளர்த்தும் என்பதால் நிறுத்திவிட்டு, பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்துக்கொள்கிறேன். செருமல் வரும்போது ஒரு மடக்குக் குடித்தால் பாதி அடங்குகிறது. சுக்கு மிளகு திப்பிலிக் கஷாயம் எரிச்சலைக் கூட்டியது. உப்புத்தண்ணீர் கொப்பளித்ததில் மாற்றம் எதுவும் இல்லை. காபி நான்கிலிருந்து இரண்டாகியிருக்கிறது. இரவு ஏழரைக்குள் சாப்பாடு என்பதுதான் எல்லாவற்றிலும் கடினம், விடைத்தாள் திருத்தும் நாட்களில் தவறுகிறது.

இன்னும் சில கேள்விகள் மீதம் இருக்கின்றன. ஆல்ஜினேட் சிரப் 10 மி.லி. வீதம் மதியம் சாப்பிட்டபின்னும் படுக்கும்முன்னும் சேர்க்கலாமா? தைராக்சினிலிருந்து எத்தனை மணி நேரம் தள்ள வேண்டும்? பான்டோபிரசோலை எத்தனை வாரம் போட்டபின் பயன் இல்லை என்று முடிவு செய்வது? திடீரென்று நிறுத்தினால் அமிலம் மீண்டும் பொங்கும் என்பதால், நிறுத்தும்போது படிப்படியாகக் குறைக்கும் முறையையும் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.

தலைமையாசிரியை அம்மாவிடம் காட்ட ஒரு மருத்துவக் குறிப்பும் தேவைப்படுகிறது. மதிய இடைவேளை 12.40 முதல் 1.20 வரை. பிள்ளைகளைச் சாப்பாட்டு வரிசையில் நிறுத்திவிட்டு வந்து பத்து நிமிடத்தில் விழுங்கி, உடனே வகுப்பில் போய்க் கத்த வேண்டியிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஐந்தாம் பீரியடை எழுத்து வேலையாகவோ ஆய்வக வகுப்பாகவோ மாற்றவும், இடுப்பில் மாட்டும் சிறிய மைக் வைத்துக்கொள்ளவும், வரிசை மேற்பார்வையிலிருந்து விலக்கவும் நீங்கள் ஒரு வரி எழுதினால் கேட்பார்கள். விடுப்பு வேண்டாம் அம்மா. காலாண்டுத் தேர்வுக்குமுன் பத்தாம் வகுப்புக்கு இன்னும் இரண்டு பாடம் பாக்கி இருக்கிறது. முழு மௌனம் எத்தனை நாள் அவசியம் என்று நீங்கள் சொன்னால் மட்டும் அந்த நாட்களை எடுத்துக்கொள்கிறேன். கிசுகிசுத்துப் பேசுவதும் குரல்நாணுக்குச் சிரமம் என்பதால் அதையும் தவிர்த்து, கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன்.

சனிக்கிழமை காலை 10.30க்கு வருவேன். அன்றே தொண்டைப் பரிசோதனைக்கு அனுப்புவதாக இருந்தால், வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்பதை உங்கள் வரவேற்பறையிலிருந்து குறுஞ்செய்தியாகச் சொல்லச் சொல்லுங்கள். போனில் என் பேச்சு அவர்களுக்குப் புரியவில்லை.

நன்றியுடன்,
மலர்விழி,
அறிவியல் ஆசிரியை

இணைப்பு: 14 நாள் குறிப்பின் நகல், ஏப்ரல் மாத தைராய்டு அறிக்கை