உரக்கூடம் வேண்டாம் என்று சொல்ல வந்தவர்களுக்கு: 17ஆவது வார்டு பகுதி சபையில் கவுன்சிலர் பேசியது

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் நிற்பவர்கள் முன்னால் வாங்க, நாற்காலி இருக்கிறது. மைக் கொஞ்சம் கரகரக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுற்றி வளைக்காமல் ஆரம்பிக்கிறேன். இன்றைக்கு இங்கே வந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறீர்கள். தண்ணீர் டேங்குக்குப் பின்னால் இருக்கும் நகராட்சி இடத்தில், வீட்டுக் குப்பையை மக்கவைத்து உரமாக்குகிற உரக்கூடம் வரக்கூடாது. அதுதானே? வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் போன வாரம் சுற்றிய வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் நானும் கேட்டேன். ஆகவே நீங்கள் கேட்கப் போவதை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். ஏதாவது விட்டுப்போனால் குறுக்கே பேசுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நாற்றம் அடிக்கும், ஈ மொய்க்கும், வீட்டில் மருமகள் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கிறாள், மதியம் கதவைத் திறந்துவைத்துச் சோறு சாப்பிட முடியாது. இது முதல் பேச்சு. அடுத்து, "பஸ் ஸ்டாண்டு பின்னால் ஒன்று கட்டினீர்களே, அது ஆறு மாதத்தில் பூட்டுப் போட்டுக் கிடக்கிறது, அந்த லட்சணத்தில் இங்கே இன்னொன்றா?" அப்புறம், நாங்கள் வீட்டில் பிரித்துக் கொடுத்தாலும் வண்டிக்காரர் எல்லாவற்றையும் ஒரே குவியலாகத்தான் கொட்டுகிறார், எதற்கு இந்த வேஷம் என்று. டேங்கை ஒட்டிய வடக்குத் தெருக்காரர்கள் கேட்பது வேறு: "கவுன்சிலர் வீடு மூன்று தெரு தள்ளி இருக்கிறது, அதனால்தான் எங்கள் தலையில் கட்டுகிறார்." வீடு விற்க நினைக்கும் இரண்டு பேர், மனை விலை இறங்கிவிடும் என்று என் வீட்டு வாசலுக்கே வந்து சொன்னார்கள். கடைசியாக ஒன்று, என் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை, டீக்கடையில் சொல்கிறார்கள்: ஷெட் போடுகிற காண்ட்ராக்டில் என் வீட்டுக்காரருக்குப் பங்கு இருக்கிறது என்று.

சரி, கடைசியில் சொன்னதிலிருந்தே தொடங்குவோம், அது மனதில் கிடக்கும்வரை மற்ற எதைச் சொன்னாலும் காதில் ஏறாது. என் வீட்டுக்காரர் உரக்கடை வைத்திருப்பவர், ஒப்பந்தக்காரர் இல்லை. ஆனால் என் வாய்வார்த்தையை நம்பச் சொல்லவில்லை. டெண்டர் யாருக்குப் போனது, எவ்வளவுக்குப் போனது என்கிற தாள் இதோ மேஜைமேல் இருக்கிறது, கூட்டம் முடிந்ததும் போட்டோ எடுத்துக்கொண்டு போகலாம். அவர் கடையில் இந்த உரத்தை விற்கப் போவதும் இல்லை. இங்கே தயாராகிற உரம் வார்டுக்காரர்களுக்கும் நகராட்சிப் பூங்காவுக்கும்தான். பெண் கவுன்சிலர் என்றால் பின்னால் புருஷன்தான் நடத்துகிறார் என்று பேசுவது நம் ஊரில் வழக்கம்தான், அதற்கு நான் இன்னும் எத்தனை தாளைக் காட்டினாலும் போதாது, விடுங்கள்.

இப்போது நாற்றம். இது நியாயமான பயம். குப்பை கிடங்கு என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது பெருங்குடி, கொடுங்கையூர் மாதிரியான மலைகள்தான். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு தீப்பிடித்து நாள் கணக்கில் புகைந்தது. 2023 மார்ச்சில் கொச்சிக்குப் பக்கத்தில் பிரம்மபுரம் கிடங்கு பற்றி எரிந்து, நகரமே பல நாள் மூச்சுத் திணறியது. அங்கெல்லாம் நடந்தது என்ன? சோறும் காய்கறித் தோலும் பிளாஸ்டிக் பையோடு சேர்ந்து மலையாகக் குவிந்து, உள்ளே காற்றுப் போக வழி இல்லாமல் அழுகின. காற்றில்லாமல் அழுகினால் அழுகிய முட்டை நாற்றம் வரும், மீத்தேன் வரும், மீத்தேன் தீப்பிடிக்கும். அதே காய்கறித் தோலுக்குக் காற்றோட்டம் கொடுத்தால் வேறு வகை நுண்ணுயிர்கள் வேலை செய்யும், குவியல் சூடாகும். உள்ளே 55 டிகிரிக்கு மேல் போய் மூன்று நாள் அப்படியே இருந்தால் கிருமி சாகும், ஈப் புழுவும் தாங்காது. குவியலுக்குள் கையை விட்டால் சுடும், மேலே காய்ந்த இலை மூடியிருந்தால் மண் வாசனைதான் அடிக்கும். பக்கத்து ஊரில் நடக்கிற ஒன்றைப் பார்க்க என்னோடு வந்த நம் மளிகைக்கடை அண்ணன் அங்கே கையை விட்டுவிட்டு உதறினார், அவரிடமே கேளுங்கள், முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

நாற்றமே வராது என்று சத்தியம் செய்ய மாட்டேன். இலை குறைந்தால் வரும். மழைத் தண்ணீர் உள்ளே போனால் வரும். கோழிக்கடைக் கழிவு, மீன் கழிவு ஒரு பக்கெட் விழுந்தால் வரவே வரும். பஸ் ஸ்டாண்டு பின்னால் இருந்ததில் இந்த மூன்றும் நடந்தது. கூரை ஒரு ஓரத்தில் ஒழுகியது, காய்ந்த இலையைச் சேர்த்துவைக்க யாருக்கும் உத்தரவு இல்லை, ஹோட்டல்காரர்கள் எலும்பும் சாம்பாருமாக ராத்திரியில் கொண்டுவந்து கொட்டினார்கள், கேட்டுக்குப் பூட்டு இல்லை. உரம் ஆக வேண்டியது சேறாகிவிட்டது. அந்தத் தெருக்காரர்கள் சண்டை போட்டு மூட வைத்தார்கள். சரியாகத்தான் செய்தார்கள்.

அதனால் இங்கே கணக்கை முதலிலேயே போட்டோம். நம் வார்டில் 640 வீடு. வீட்டுக்கு நாளுக்கு அரை கிலோ மக்கும் குப்பை என்று வைத்தால் 320 கிலோ. நாலடிக்கு நாலடி, நாலடி உயரம், சுவரில் இடைவெளி விட்ட தொட்டி ஒன்று மூன்று நாளில் நிரம்பும். நிரப்பத் தொடங்கிய நாளிலிருந்து மக்கி முடிக்க 45 நாள். அப்படியென்றால் 15 தொட்டி வேண்டும், முதல் தொட்டி காலியாகும்போது பதினைந்தாவது நிரம்பியிருக்கும். பஸ் ஸ்டாண்டில் எத்தனை தொட்டி தெரியுமா? ஆறு. நாலு வார்டுக்கு ஆறு. அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

இந்தத் தொட்டியின் வடிவம் கேரளாவில் தும்பூர்மூழியில் கால்நடைப் பல்கலைக்கழகப் பண்ணையில் உருவாக்கியது. ஒரு அடுக்கு சாணம், ஒரு அடுக்கு காய்ந்த இலை, ஒரு அடுக்கு குப்பை, மறுபடி இலை. ஆலப்புழாவில் இதைத்தான் தெருவுக்குத் தெரு வைத்தார்கள். அந்த ஊர் குப்பை முழுவதும் பக்கத்துப் பஞ்சாயத்தில் சர்வோதயபுரம் என்ற இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, அங்கிருந்த ஜனங்கள் லாரியை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள், நகரத்துக்கு வேறு வழி இல்லாமல் போனது, 2012இல் தன் குப்பையைத் தானே பார்த்துக்கொள்ளத் தொடங்கியது. நம் குப்பையும் இப்போது 11 கிலோமீட்டர் தள்ளி வேறு யாரோ வீட்டுப் பக்கம்தான் போகிறது. அங்கேயும் மருமகள் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கிறாள், அங்கேயும் மதியம் சோறு சாப்பிடுகிறார்கள். அவர்கள் இன்னும் லாரியை மறிக்கவில்லை, அவ்வளவுதான்.

வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்கள் என்கிற புகார் நூற்றுக்கு நூறு உண்மை. நானே பார்த்திருக்கிறேன். பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி இரண்டும் வண்டியில் இருக்கும், தெருமுனை திரும்பியதும் இரண்டும் லாரிக்குள் ஒன்றாகிவிடும். ஏன் என்றால் கடைசியில் எல்லாம் ஒரே கிடங்குக்குத்தான் போகிறது, அவருக்குப் பிரித்து வைத்து என்ன ஆகப் போகிறது? பிரித்ததை எடுத்துக்கொள்ள ஒரு இடம் இருந்தால்தான் பிரிப்பதற்கே அர்த்தம். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளில் மக்குவது, மக்காதது, பல்பு, பேட்டரி மாதிரியான ஆபத்தானது என்று வீட்டிலேயே பிரிக்கச் சொல்லியிருந்தது, ஆனால் விதியைச் சொல்லி உங்களை மிரட்ட நான் வரவில்லை. மக்கும் குப்பை வண்டி காலை ஆறரைக்குத் தனியாக வரும், நேராக டேங்குக்குப் பின்னால் போகும். வழியில் லாரி நிற்காது. ஒருநாள் ஒன்றாகக் கொட்டியதைப் பார்த்தால் அன்றைக்கு நீங்கள் குப்பையே கொடுக்காதீர்கள், வண்டி நம்பரை எனக்கு அனுப்புங்கள். தூய்மைப் பணியாளர்களைத் திட்ட வேண்டாம், கலந்து கிடப்பதில் நாப்கினையும் உடைந்த கண்ணாடியையும் கையால் பிரிப்பது அவர்கள்தான்.

மனை விலை. இதற்கு என்னிடம் பதில் இல்லை. இறங்காது என்று நான் சொன்னால் அது பொய்யாக இருக்கலாம்.

இப்போது வடக்குத் தெருவுக்கு. "உன் தெருவில் வை" என்கிறீர்கள். என் தெருவில் நகராட்சி இடம் ஒரு சென்ட்கூட இல்லை, இங்கே 6 சென்ட் இருக்கிறது, வண்டி திரும்பவும் இடம் இருக்கிறது. இது காரணம்தான், ஆனால் உங்களுக்கு ஆறுதல் இல்லை என்று தெரியும். 640 வீட்டுக் குப்பை, தொல்லை மட்டும் உங்கள் தெருவின் 22 வீட்டுக்கு. அதைச் சமமாக்க முடியாது. ஈடாக என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். டேங்கை ஒட்டிய பக்கம் எட்டடிச் சுவர் முதலில் எழும்பும், அதற்குப் பிறகுதான் தொட்டி. அந்தத் தெருவில் உடைந்து கிடக்கும் கால்வாய்க்கு இதே வேலையில் மூடி போடப்படும், மதிப்பீட்டில் சேர்த்தாகிவிட்டது. கேட் சாவி இரண்டு, ஒன்று சூப்பர்வைசரிடம், இன்னொன்று உங்கள் தெருவில் நீங்களே தேர்ந்தெடுக்கிற ஒருவரிடம். அவர் எந்த நேரமும் திறந்து பார்க்கலாம், கோழிக்கழிவு வந்தால் வண்டியைத் திருப்பி அனுப்பலாம்.

இன்றைக்கு நான் கேட்பது நிரந்தர அனுமதி இல்லை. ஐந்து தொட்டி, 90 நாள் சோதனை. ஐந்து தொட்டிக்கு 200 வீட்டுக் குப்பைதான் கொள்ளும், அதற்குமேல் ஒரு பக்கெட் வராது. 90 நாள் என்றால் முதல் தொட்டி இரண்டு முறை நிரம்பிக் காலியாகும். இடையில் வடக்குத் தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டு நாற்றம் என்று எழுதிக் கொடுத்தால், ஒரு வாரத்தில் சரி செய்ய வேண்டும். இரண்டாம் முறை கொடுத்தால் நிறுத்திவிட வேண்டும். இந்த இரண்டு வரியும் தீர்மானத்திலேயே இருக்கிறது, பக்கம் இரண்டு, படித்துப் பாருங்கள். கையைத் தூக்குவதற்கு முன்னால் படியுங்கள், என் முகத்துக்காகத் தூக்க வேண்டாம்.

சுகாதார ஆய்வாளர் வந்திருக்கிறார், தொட்டி பற்றிய கேள்விக்கு அவர் பதில் சொல்வார். அதற்கு முன்னால் டேங்கை ஒட்டி இருக்கிற வீட்டுப் பெரியம்மா பேசட்டும், ஒரு வாரமாக என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார், அவருக்குத்தான் முதல் உரிமை. தம்பி, மைக்கை அவரிடம் கொடு.