இடது உட்கன்னப் புற்றுநோய்: பலதுறை மருத்துவக் குழுக் கூட்டத்தின் ஒருங்கிணைந்த அறிக்கை, 2025 ஜூன் 12

நோயாளி 56 வயது ஆண். மளிகைக் கடை நடத்துபவர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் புகையிலை மென்றவர். பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. திசுப் பரிசோதனையில் ஓரளவு முதிர்ச்சியுள்ள ஸ்குவாமஸ் செல் புற்று உறுதியாகியுள்ளது. கட்டியின் அளவு 3.8 செ.மீ.; ஸ்கேனில் ஆழம் 12 மி.மீ. இடது கழுத்தில் 2 செ.மீ. அளவில் ஒரேயொரு நெறிக்கட்டி உள்ளது. அது உறையை மீறிப் பரவியதாகத் தெரியவில்லை. நுரையீரலில் பரவல் இல்லை. வாய் 20 மி.மீ. மட்டுமே திறக்கிறது.

துறைக் குறிப்புகளைச் சேர்த்துப் படித்தபோது இரண்டு இடங்களில் அவை ஒன்றுக்கொன்று முரண்பட்டன. முதலாவது, நோயின் நிலை. கட்டி ஈறோடு ஒட்டியிருந்தாலும் எலும்பின் மீது அசைகிறது என்று கண்ட அறுவை மருத்துவர் டி3 என்றும், ஜூன் 3 அன்று எடுத்த சி.டி. ஸ்கேனில் கீழ்த்தாடையின் புறணி அரிக்கப்பட்டிருக்கலாம் என்று கண்ட கதிரியல் மருத்துவர் டி4ஏ என்றும் குறித்துள்ளனர். பல்வேர் நோயும் இதே தோற்றத்தைத் தரக்கூடும் என்று பல் மருத்துவர் சுட்டிக்காட்டியது ஏற்கத்தக்கதே. எனவே மருந்து செலுத்தாமல் எம்.ஆர்.ஐ. எடுத்து எலும்பு மஜ்ஜையைப் பார்க்க வேண்டும். மஜ்ஜை தெளிவாக இருந்தால் தாடையின் விளிம்பை மட்டும் நீக்கித் தொடைச் சதையால் மூடலாம். பாதிக்கப்பட்டிருந்தால் அப்பகுதி எலும்பை முழுமையாக நீக்கிக் காலின் ஃபிபுலா எலும்பால் ஈடுசெய்ய வேண்டும். சர்க்கரையும் புகையிலையும் சேர்ந்த உடல் என்பதால், முடிவு எதுவானாலும் கால் இரத்தக் குழாய்களின் டாப்ளர் ஸ்கேனை இப்போதே எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது முரண் மேலும் கவனத்துக்குரியது. மருந்தியல் புற்றுநோய்த் துறையின் குறிப்பு சிஸ்பிளாட்டினைப் பரிந்துரைக்கிறது, அது ஏப்ரல் 14 இரத்தப் பரிசோதனையை (கிரியேட்டினின் 1.1, எடை 64 கிலோ) அடிப்படையாகக் கொண்டது. ஜூன் 6 பரிசோதனையில் கிரியேட்டினின் 1.6, எடை 58 கிலோ; கணக்கிட்டால் சிறுநீரக வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 68 மி.லி.யிலிருந்து 42 ஆகக் குறைந்துள்ளது. காரணம் மயக்கவியல் மருத்துவரின் குறிப்பில்தான் கிடைத்தது: வலிக்காக நோயாளி மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் மாத்திரைகளைத் தாமாகவே வாங்கித் தினமும் சாப்பிட்டு வந்திருக்கிறார். விழுங்க முடியாததால் நீர்ச்சத்துக் குறைவும், அந்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பு சி.டி.க்குச் செலுத்திய மருந்தும் இதனுடன் சேர்ந்திருக்கலாம். ஆகவே இது மீளக்கூடிய பாதிப்பாக இருக்க வாய்ப்புண்டு என்பதே குழுவின் கருத்து. டைக்ளோஃபெனாக்கையும் மெட்ஃபார்மினையும் உடனே நிறுத்தி, பாராசிட்டமாலும் குறைந்த அளவு டிரமடாலும் தந்து, ஜூன் 16 அன்று கிரியேட்டினினை மீண்டும் பார்க்க வேண்டும்.

அறுவை சிகிச்சையே முதல் சிகிச்சை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. கட்டி நீக்கத்துடன் இடது கழுத்து நெறிக்கட்டிகளும் அகற்றப்படும். அதன்பின் ஆறு வாரங்களுக்குள் கதிர்வீச்சு தொடங்க வேண்டும்: 30 தவணைகளில் 60 கிரே. உடன் மருந்து தருவது, வெட்டு விளிம்பில் புற்று எஞ்சியிருந்தாலோ நெறிக்கட்டியின் உறையை மீறியிருந்தாலோ மட்டுமே. அப்போது வடிகட்டும் திறன் 50க்கு மேல் மீண்டிருந்தால் சிஸ்பிளாட்டின். இல்லையெனில், சிஸ்பிளாட்டின் தர இயலாதவர்களுக்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வில் பயனளித்த டோசிடாக்சல், வாரந்தோறும் சதுர மீட்டருக்கு 15 மி.கி. முந்தைய சிஸ்பிளாட்டின் பரிந்துரை இத்துடன் விலக்கிக்கொள்ளப்படுகிறது; கோப்பிலுள்ள அந்தத் தாளின் மீது அவ்வாறே எழுதிவைக்க வேண்டும்.

சொத்தையான பற்களைத் தனியே முன்கூட்டிப் பிடுங்கப் பல் மருத்துவர் விரும்பினார். வாய் திறக்கும் அளவைக் கருதி, அறுவையின்போது அதே மயக்கத்தில் பிடுங்க அவர் இசைந்தார். கதிர்வீச்சுக்கு முன் ஆறுவதற்குப் போதிய காலம் இருக்கும். எச்.பி.ஏ.1.சி. 9.2 என்பதால் இன்சுலின் தொடங்கப்படும். இரண்டு மாதத்தில் ஆறு கிலோ இழந்திருப்பதால் மூக்குக் குழாய் வழியே நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,750 கலோரி உணவு இன்றே தொடங்க வேண்டும். பேச்சு, விழுங்கல் பயிற்சியாளர் அறுவைக்கு முன் ஒருமுறை சந்திப்பார்.

நோயின் பெயரை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று மகன் கேட்டுக்கொண்டதாகச் செவிலியர் குறிப்பு உள்ளது. ஆனால் நோயாளி, தமக்கு எல்லாம் தெரிய வேண்டும் என்றும், கடையில் பேசி வியாபாரம் செய்ய முடியுமா என்பதே தமது கவலை என்றும் அறுவை மருத்துவரிடம் நேரில் கூறியுள்ளார். அவரது விருப்பமே பின்பற்றப்படும். எம்.ஆர்.ஐ. முடிவு வந்ததும், இரு அறுவை முறைகளிலும் பேச்சு எவ்வாறு இருக்கும் என்பதை அறுவை மருத்துவரும் பயிற்சியாளரும் சேர்ந்து, மகன் உடனிருக்க, அவரிடம் விளக்குவார்கள்.

எம்.ஆர்.ஐ., டாப்ளர் இரண்டும் ஜூன் 17க்குள் முடிய வேண்டும். பொறுப்பு கதிரியல் துறை. ஜூன் 16 கிரியேட்டினின் முடிவை மயக்கவியல், மருந்தியல் துறைகளுக்கு அன்றே தெரிவிப்பவர் வார்டு மருத்துவர். அறுவை அரங்கு ஜூன் 24க்குப் பதிவாகியுள்ளது. கிரியேட்டினின் 1.6க்கு மேல் உயர்ந்தால் அந்தத் தேதிக்கு முன் சிறுநீரக மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும்.