2024-25 ஆண்டறிக்கை: பேரவைக் கூட்டத்தில் உறுப்பினர்களுக்குக் காட்டும் திரைகள்

திரை 1: வணக்கம்

கேத்தி பள்ளத்தாக்கிலும் அதைச் சுற்றியுள்ள ஹட்டிகளிலும் இருக்கும் நம் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் 1,846 உறுப்பினர்களுக்கான கணக்கு இது. ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரை. எல்லாத் தொகையும் லட்சம் ரூபாயில்.

இந்த ஆண்டு பங்கு ஈவு 10 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைகிறது. கூட்டத்தின் கடைசியில் சொன்னால் கோபம் வரும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்பதை ஒவ்வொரு படமாகப் பார்ப்போம்.

திரை 2: சேமிப்பு

மார்ச் 31 நிலவரம் (ஒரு கட்டம் = சுமார் 50 லட்சம்)

2023 ████████████ 612
2024 █████████████ 668
2025 ███████████████ 742

742-இல் நிரந்தர வைப்பு 498, சேமிப்புக் கணக்கு 148, தொடர் வைப்பு 96.

தொடர் வைப்புதான் எனக்கு மிகவும் பிடித்த எண். போன ஆண்டு 251 கணக்குகள், இப்போது 386. பெரும்பாலானவை மாதம் 200, 300 ரூபாய் கட்டும் பெண்களுடையவை. தோட்டத்தில் கொழுந்து எடுத்துவிட்டு மாலையில் புத்தகத்தோடு வந்து கட்டுகிறவர்கள். தொகை சிறியதுதான், ஆனால் அந்தப் பணம் தேதி தவறாமல் வருகிறது.

நிரந்தர வைப்பில் ஒரு கவலையும் உண்டு. 498-இல் 171 லட்சம் வெறும் 14 பேருடையது. அவர்களில் நான்கைந்து பேர் ஒரே மாதத்தில் எடுத்தால் நாம் திணறுவோம். அதனால்தான் கையிருப்பில் ஒரு பகுதியைக் கடனாகக் கொடுக்காமல் மத்திய கூட்டுறவு வங்கியில் போட்டு வைத்திருக்கிறோம். ‘பணம் சும்மா கிடக்கிறதே’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

திரை 3: கொடுத்த கடன், நிலுவையில் உள்ளது

மார்ச் 31, 2025 (ஒரு கட்டம் = சுமார் 20 லட்சம்)

நகைக்கடன் ████████████████ 318
பயிர்க்கடன் ███████████ 214
மகளிர் குழு ███ 62
கறவை மாடு █ 26

மொத்தம் 620. போன ஆண்டு 548.

கூடிய 72 லட்சம் முழுக்க நகைக்கடனில் கூடியதற்குச் சமம். 246 இருந்தது 318 ஆகிவிட்டது. மற்ற மூன்றையும் கூட்டினால் போன ஆண்டும் 302, இந்த ஆண்டும் 302.

நகை வைத்தவர்கள் எண்ணிக்கை 689-இலிருந்து 702, அவ்வளவுதான். ஆள் கூடவில்லை, தொகை கூடியிருக்கிறது. தங்கம் விலை ஏறியதால் அதே வளையலுக்கு அதிகக் கடன் கிடைக்கிறது, அப்புறம் அதிக வட்டியும் கட்ட வேண்டியிருக்கிறது. எவ்வளவு கிடைக்கும் என்று கேட்காமல், எவ்வளவு தேவை என்று முடிவு செய்துவிட்டு கவுண்டருக்கு வாருங்கள்.

திரை 4: தவணை தவறியது

2023 ████ 19
2024 █████ 24
2025 █████████ 43

(ஒரு கட்டம் = சுமார் 5 லட்சம்)

இந்த 43-இல் பயிர்க்கடன் 27, நகை 9, மகளிர் குழு 4, கறவை மாடு 3. கொடுத்த கடனில் நூற்றுக்கு ஏழு ரூபாய் தேதிக்குள் திரும்பவில்லை. போன ஆண்டு நூற்றுக்கு நாலரைக்கும் குறைவு.

பயிர்க்கடன் தவறியவர்கள் 61 பேர். ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு முறையாவது போய்ப் பேசினோம். அவர்களில் 38 பேரின் நிலம் பள்ளத்தில், ஓடைக்கரையை ஒட்டி இருக்கிறது. இரவில் குளிர்காற்று சரிவில் இறங்கி அங்கேதான் தேங்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்ததும் உருளைக்கிழங்குச் செடி கருகிப்போனது, தேயிலையில் கொழுந்து போனது. மேட்டு நிலத்துக்காரர்களுக்கு அவ்வளவு அடி இல்லை. மீதிப் பேரில் பலர் கேரட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பி, லாரி வாடகையும் சாக்குக் கூலியும் போக, கையில் ஒன்றும் நிற்கவில்லை என்றார்கள். விற்பனைச் சீட்டையும் காட்டினார்கள்.

ஏமாற்ற நினைத்தவர்கள் என்று இவர்களில் ஒருவரைக்கூட நான் சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பயிர்க்கடனைத் தவணைத் தேதிக்குள் கட்டினால் வட்டி கிடையாது, அதை அரசு ஏற்கிறது. ஒரு நாள் தவறினாலும் அந்தச் சலுகை போய்விடும். கட்ட முடியாது என்று தெரிந்தால் தேதிக்கு ஒரு மாதம் முன்பே வந்து சொல்லுங்கள். 61 பேரில் முன்கூட்டியே வந்து சொன்னவர்கள் 9 பேர்தான்.

ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை, பயிர்க்கடன் பாக்கி 27-இல் 11.40 லட்சம் வசூலாகிவிட்டது. பூண்டு விற்றதும் நேராக இங்கே வந்து கட்டியவர்களுக்கு நன்றி.

திரை 5: லாபம்

| | 2023-24 | 2024-25 |
|---|---|---|
| ஒதுக்கீட்டுக்கு முன் | 21.60 | 20.80 |
| வாராக்கடனுக்கு ஒதுக்கியது | 2.40 | 5.80 |
| நிகர லாபம் | 19.20 | 15.00 |

மேல் வரியைப் பாருங்கள். சங்கத்தின் வியாபாரத்தில் குறைந்தது 80 ஆயிரம் மட்டுமே. மீதி 3.40 லட்சம் நடு வரியில் இருக்கிறது. தவணை தவறிய கடன் கூடினால், அது வராமலே போகலாம் என்று எடுத்து வைத்தாக வேண்டும். பாக்கி வசூலானால், அதற்கேற்ப ஒதுக்கியதும் லாபத்துக்குத் திரும்பும்.

திரை 6: 15 லட்சத்தை எப்படிப் பிரிக்கிறோம்

சேமநிதி ██████████ 5.00
பங்கு ஈவு ██████████ 4.80
அடுத்த ஆண்டுக்கு ███ 1.60
கட்டட நிதி ███ 1.50
உறுப்பினர் நலன் ██ 1.20
கூட்டுறவுக் கல்வி முதலிய நிதிகள் ██ 0.90

(ஒரு கட்டம் = சுமார் 50 ஆயிரம்)

பங்குத்தொகை 60 லட்சம், அதற்கு 8 சதவீதம் 4.80. உங்களிடம் 1,000 ரூபாய் பங்கு இருந்தால் போன ஆண்டு 100 ரூபாய் வந்தது, இந்த ஆண்டு 80 வரும்.

10 சதவீதமே கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள், நியாயமான கேள்விதான். அதற்கு இன்னும் 1.20 லட்சம் வேண்டும், அடுத்த ஆண்டுக்கென்று வைத்த 1.60-இல் எடுத்தால் போதும். நிர்வாகம் இதைப் பேசியது, வேண்டாம் என்று முடிவு செய்தது. வரும் ஜனவரியிலும் பனி அடித்தால் அடுத்த பேரவையில் 5 சதவீதத்தோடு உங்கள் முன் நிற்க நேரும். எனக்கும் இதே கருத்துதான். ஆனால் முடிவு உங்களுடையது. பத்துப் பங்கு வைத்திருந்தாலும் நூறு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு.

திரை 7: வாரிசுதாரர்

412 உறுப்பினர் கணக்குகளில் வாரிசுதாரர் பெயர் இல்லை.

இந்த ஆண்டு ஒரு அம்மா, கணவர் இறந்த பிறகு அவருடைய நிரந்தர வைப்பை வாங்க ஏழு மாதம் அலைந்தார். வாரிசுச் சான்று, மகன்களின் சம்மதம், ஒவ்வொன்றுக்கும் பஸ் ஏறி ஊட்டிக்குப் போய் வந்தார். பணம் நம் பெட்டியில்தான் இருந்தது, கொடுக்க வழியில்லாமல் நாங்களும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு படிவம், ஒரு கையெழுத்து இருந்திருந்தால் இவ்வளவும் இல்லை. படிவம் வாசல் மேசையில் இருக்கிறது, டீ குடிக்கப் போகும்முன் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

திரை 8: ஒப்புதலுக்கு

ஒன்று, தணிக்கை செய்யப்பட்ட கணக்கு. இரண்டு, திரை 6-இல் உள்ள லாபப் பிரிவினை. கேள்விகள் முடிந்த பிறகே கை தூக்கச் சொல்வோம்.

8 சதவீதத்துக்கு ஒப்புதல் கிடைத்தால், ஈவு 15 நாளில் உங்கள் சேமிப்புக் கணக்கில் ஏறும். கணக்கு இல்லாதவர்கள் பங்குச் சான்றும் ஆதாரும் கொண்டு வந்து கவுண்டரில் வாங்கிக்கொள்ளலாம். பழைய ஆண்டுகளின் வாங்கப்படாத ஈவு 3.10 லட்சம் இருக்கிறது. பெயர்ப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் இருந்தால் அவரிடமும் சொல்லுங்கள்.

— செயலாளர்