2024-25 எண்ணெய் விற்பனைக்கான கட்டண விளம்பர முடிவுகள்: நிர்வாகக் குழுவுக்கான ஆண்டிறுதி விளக்கக்காட்சி வரைவு

தயாரிப்பு: மார்க்கெட்டிங் தலைவர், ஈரோடு அலுவலகம்
கேட்போர்: நிர்வாக இயக்குநர், நிதித் தலைவர், உற்பத்தித் தலைவர், விற்பனைத் தலைவர்
நேரம்: 25 நிமிடம் பேச்சு, 20 நிமிடம் கேள்விகள். மொத்தம் 9 ஸ்லைடு.
காலம்: ஏப்ரல் 2024 – மார்ச் 2025. தொகைகள் லட்சம் ரூபாயில், ஜிஎஸ்டி நீங்கலாக.

ஸ்லைடு 1: ஒரே பக்கத்தில் ஆண்டு (3 நிமிடம்)

தலைப்பு வரி: "பொருள் செலவும் அனுப்பும் செலவும் விளம்பரச் செலவும் போக மிச்சம் 11.4 லட்சத்திலிருந்து 23.7 லட்சமாக உயர்ந்தது. உயர்வில் ஏறக்குறைய எல்லாமே அமேசானில் வந்தது. வெப்சைட்டில் கூடுதலாகப் போட்ட 30 லட்சம் தன் செலவை மட்டுமே மீட்டது."

| | 2023-24 | 2024-25 |
|---|---|---|
| மொத்த விளம்பரச் செலவு | 110 | 144 |
| வெப்சைட் செலவு | 92 | 122 |
| வெப்சைட் நிகர விற்பனை | 318 | 412 |
| வெப்சைட் மிச்சம் | 10.1 | 10.4 |
| அமேசான் செலவு | 18 | 22 |
| அமேசான் நிகர விற்பனை | 92 | 168 |
| அமேசான் மிச்சம் | 1.3 | 13.3 |

சொல்ல வேண்டியது: மொத்தமாகப் பார்த்தால் ஒரு ரூபாய் விளம்பரத்துக்கு விற்பனை ரூ.3.73-லிருந்து ரூ.4.03 ஆகியிருக்கிறது. இந்த எண்ணை மட்டும் காட்டி மேடையை விட்டு இறங்கினால் கைதட்டல் கிடைக்கும், தவறான பட்ஜெட்டும் கிடைக்கும். இரண்டு கடைகளையும் பிரித்துப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். முடிவை முதல் ஸ்லைடிலேயே சொல்லிவிடுவது நல்லது. இயக்குநர் பாதியில் வேறு கூட்டத்துக்குப் போக நேர்ந்தாலும் முக்கியமானதைக் கேட்டிருப்பார்.

ஸ்லைடு 2: எந்த விற்பனையை எண்ணுகிறோம் (2 நிமிடம்)

வெப்சைட்டில் விழுந்த ஆர்டர் மதிப்பு 499. ரத்தானதும் டெலிவரி ஆகாமல் திரும்பியதும் 66. எண்ணெய்க்கான 5% ஜிஎஸ்டி 21. கையில் நின்றது 412. இந்த விளக்கக்காட்சியில் வெப்சைட் "விற்பனை" என்றால் 412 மட்டுமே.

விளம்பர பில்களின் கூட்டுத்தொகை 169.92 என்று கணக்குப் பிரிவின் பட்டியலில் இருக்கும். அதில் 18% ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறது. அது உள்ளீட்டு வரியாகத் திரும்ப வருவதால் 144 என்றே காட்டுகிறோம். நிதித் தலைவர் கேட்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஸ்லைடு 3: தளங்கள் சொல்வதும் பேங்க் சொல்வதும் (4 நிமிடம்)

| சேனல் | செலவு | தளம் உரிமை கோரும் விற்பனை | மடங்கு |
|---|---|---|---|
| மெட்டா | 62 | 217 | 3.5 |
| பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ் | 27 | 135 | 5.0 |
| கூகுள் சர்ச், பொதுச் சொற்கள் | 18 | 50.4 | 2.8 |
| கூகுள் சர்ச், நம் பெயர் | 9 | 108 | 12.0 |
| யூடியூப் | 6 | 6.6 | 1.1 |

கூட்டினால் 517. வெப்சைட்டில் விழுந்த மொத்த ஆர்டரே 499. அந்த 499-இல் விளம்பரமே பார்க்காமல் வந்தவர்களும், வாட்ஸ்அப் செய்தி பார்த்துத் திரும்ப வாங்கிய பழைய வாடிக்கையாளர்களும் அடக்கம். ஒரே ஆர்டரை மெட்டாவும் கூகுளும் தத்தம் கணக்கில் எழுதிக்கொள்கின்றன. மெட்டாவின் வழக்கமான அமைப்பில் விளம்பரத்தைச் சொடுக்கி 7 நாளுக்குள் வாங்கினாலும், வெறுமனே பார்த்து 1 நாளுக்குள் வாங்கினாலும் அது மெட்டாவின் விற்பனைதான். அதே ஆள் கடைசியில் நம் பெயரை கூகுளில் தட்டி வந்திருந்தால், கூகுளும் அதே பணத்தைக் கோரும். எனவே இந்தப் பட்டியலை ஒரே சேனலின் மாதாமாத ஏற்ற இறக்கத்துக்கு மட்டும் பயன்படுத்துகிறோம். சேனல்களுக்கிடையே பட்ஜெட் பிரிக்கப் பயன்படுத்துவதில்லை.

சிறு குறிப்பாக அடியில்: ஜூலை 8 முதல் 26 வரை செக்அவுட் பக்க மாற்றத்தால் சர்வர் வழியாகப் போகும் `Purchase` நிகழ்வில் `event_id` விடுபட்டது. பிரவுசரிலிருந்து போவதும் சர்வரிலிருந்து போவதும் ஒன்றே என்று மெட்டாவுக்குத் தெரியாமல், ஒவ்வொரு ஆர்டரும் இரண்டாக எண்ணப்பட்டது. 217 என்பது அதைத் திருத்திய பிறகு வந்த எண். இப்போது தினமும் காலையில் மெட்டா காட்டும் ஆர்டர் எண்ணிக்கையைக் கடையின் ஆர்டர் எண்ணிக்கையோடு ஒப்பிடுகிறோம். விகிதம் வழக்கத்தைவிட 20% விலகினால் டெவலப்பருக்குத் தகவல் போகும்.

ஸ்லைடு 4: ஒரு புது வாடிக்கையாளருக்கு ஆகும் செலவு (5 நிமிடம். அவசரப்படக் கூடாத ஸ்லைடு இது)

பலகையில் ஒரு ஆர்டரின் கணக்கு: நிகர மதிப்பு ரூ.1,096. எண்ணெய், கேன், லேபிள் ரூ.570. பேக்கிங்கும் கூரியரும் ரூ.128. பேமெண்ட் கட்டணமும் திரும்பிவரும் பார்சல் நஷ்டமும் ரூ.46. விளம்பரச் செலவுக்கு முன் மிச்சம் ரூ.352. அதாவது ஒரு ரூபாய் விளம்பரத்துக்கு ரூ.3.11 விற்றால்தான் வெப்சைட்டில் கையைக் கடிக்காது.

இந்த ஆண்டு முதன்முறை வாங்கி டெலிவரி பெற்றவர்கள் 16,000 பேர். 122 லட்சத்தை வகுத்தால் தலைக்கு ரூ.762. போன ஆண்டு ரூ.692. ஒருவர் 12 மாதத்தில் சராசரியாக 3.1 முறை வாங்குகிறார், மிச்சம் ரூ.1,091. சராசரியில் லாபம்தான்.

ஆனால் சராசரி மறைக்கும் விஷயம் ஒன்று உண்டு. போன ஆண்டு 92 லட்சத்துக்கு 13,300 பேர் வந்தார்கள். இந்த ஆண்டு கூட்டிய 30 லட்சத்துக்கு வந்தவர்கள் 2,700 பேர் மட்டுமே. அவர்களுக்குத் தலைக்கு ரூ.1,111. அவர்கள் ஒரு ஆண்டில் தருவதோ ரூ.1,091. விற்பனையாகப் பார்த்தாலும் கூடுதல் 30-க்குக் கூடுதல் விற்பனை 94, அதாவது 3.13 மடங்கு, நம் எல்லைக்கோடு 3.11. இதற்கு மேல் வெப்சைட்டுக்குக் கூட்டும் ஒவ்வொரு லட்சமும் நஷ்டக் கணக்கில்தான் போகும். இந்த வாக்கியத்தை இரண்டு முறை சொல்ல வேண்டும்.

ஸ்லைடு 5: நிறுத்திப் பார்த்த சோதனைகள் (4 நிமிடம்)

நம் பெயர்ச் சொல் விளம்பரம்: பிப்ரவரி 3 முதல் மார்ச் 2 வரை மதுரை, திருச்சியில் நிறுத்தினோம், கோவை, சேலத்தில் ஓடவிட்டோம். நிறுத்திய ஊர்களில் அந்த விளம்பரம் அதுவரை ஆர்டர்களில் 22% தன்னுடையது என்று காட்டியது. நிறுத்தியபின், மற்ற ஊர்களோடு ஒப்பிட்டால் குறைந்தது 4%. மீதிப் பேர் விளம்பரத்துக்குக் கீழே இருந்த நம் சொந்த இணைப்பைத் தட்டி வந்தார்கள். 12 மடங்கு என்பதில் உண்மையானது 2 மடங்குக்குச் சற்று மேல்.

மெட்டா: ஜூன் 3 முதல் 30 வரை கோவை, திருச்சி, திருநெல்வேலியில் நிறுத்தினோம். முதன்முறை ஆர்டர்களில் 44% தன்னுடையது என்று அது காட்டியது; நிறுத்தியதும் 38% குறைந்தது. புது ஆட்களைக் கொண்டுவருவதில் மெட்டா பெரும்பாலும் உண்மையே சொல்கிறது. அதில், ஏற்கெனவே நம் தளத்துக்கு வந்தவர்களுக்கு மறுபடி விளம்பரம் காட்டும் ரீடார்கெட்டிங்குக்குப் போன 14 லட்சத்தைத் தனியாகச் சோதிக்கவில்லை.

பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ்: ஆகஸ்ட் நடுவில் நம் பெயர்ச் சொற்களை விலக்கும் அமைப்பைப் போட்டோம். அதுவரை 10 லட்சத்துக்கு 7.4 மடங்கு, பிறகு 17 லட்சத்துக்கு 3.6 மடங்கு. வெப்சைட்டின் மொத்த விற்பனை அசையவில்லை. 7.4-இல் ஒரு பகுதி எப்படியும் வந்திருக்கக்கூடிய ஆட்கள்.

எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியது: நான்கு வாரம், சில ஊர்கள் என்ற அளவில் ±3% வரை தற்செயலாகவே ஆடும். 4% குறைவு என்பதை "சிறிது" என்று படிக்கலாம், துல்லியமாகப் படிக்கக் கூடாது. திசையில் சந்தேகமில்லை.

ஸ்லைடு 6: மலிவாகத் தெரிந்த விளம்பரம் (2 நிமிடம்)

ரூ.499 அறிமுக காம்போ, ஜூன்–செப்டம்பர். புது வாடிக்கையாளருக்கு ரூ.540 மட்டுமே, ஆண்டின் மிக மலிவு. அதே மாதங்களில் மற்ற விளம்பரங்களில் ரூ.820. மார்ச் முடிவில் நிலைமை தலைகீழ்: காம்போவில் வந்தவர்கள் சராசரி 1.6 முறை வாங்கியிருக்கிறார்கள், மற்றவர்கள் 2.4 முறை. காம்போவின் முதல் ஆர்டரில் மிச்சம் ரூ.70 மட்டுமே என்பதால், இதுவரை தலைக்கு வந்தது ரூ.281. மற்றவர்களிடம் ரூ.845. காம்போவை நிறுத்திவிட்டு, 5 லிட்டர் நல்லெண்ணெய், கடலை எண்ணெய் கேன்களை முன்னிறுத்துகிறோம். மாதாந்தரச் சமையலுக்கு வாங்குபவர்தான் திரும்ப வருகிறார்.

ஸ்லைடு 7: தீபாவளியும் கேஷ் ஆன் டெலிவரியும் (2 நிமிடம்)

2024 தீபாவளி அக்டோபர் 31. மெட்டாவில் ஆயிரம் பார்வைக்கான விலை செப்டம்பரில் ரூ.118, அக்டோபர் கடைசி இரண்டு வாரத்தில் ரூ.196. முறுக்குக்கும் அதிரசத்துக்கும் எண்ணெய் வாங்குபவர் ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுகிறார். 24-ஆம் தேதிக்குப் பின் விழுந்த வெளிமாநில ஆர்டர்கள் பண்டிகைக்குள் போய்ச் சேரவில்லை, திரும்பி வந்தவையும் அவற்றிலேயே அதிகம். வரும் ஆண்டு பண்டிகைக்கு 35 நாள் முன் தொடங்கி, 8 நாள் முன் வெளிமாநிலத்தை நிறுத்துவோம். 2025 தீபாவளி அக்டோபர் 20 என்பதால் செப்டம்பர் 15-இல் தொடக்கம், அக்டோபர் 12-இல் நிறுத்தம். கேன் இருப்பு அதற்கு முன் தயாராக வேண்டும். உற்பத்தித் தலைவரிடம் இங்கேயே உறுதி வாங்க வேண்டும்.

கேஷ் ஆன் டெலிவரியில் 21% திரும்புகிறது, முன்பணம் கட்டியதில் 3%. ஆர்டர்களில் 55% கேஷ் ஆன் டெலிவரி. ஒருமுறை பார்சலைத் திருப்பிய எண்ணுக்கு அடுத்த முறை முன்பணம் மட்டும் என்ற விதியை ஏப்ரலில் இயக்குகிறோம்.

ஸ்லைடு 8: அமேசான் (1 நிமிடம்)

விளம்பரம் மொத்த விற்பனையில் 19.6%-லிருந்து 13.1% ஆனது. 5 லிட்டர் பட்டியல் பக்கத்தில் மதிப்புரைகள் சேர்ந்தபின் விளம்பரம் இல்லாமலே தேடலில் மேலே வருகிறது. குறை: வாங்குபவரின் போன் எண் நமக்குக் கிடைக்காது, திரும்ப அழைக்க முடியாது.

ஸ்லைடு 9: 2025-26 பட்ஜெட்டும் கேட்கும் முடிவுகளும் (2 நிமிடம்)

மொத்தம் அதே 144. மெட்டா 56 (ரீடார்கெட்டிங் 14-லிருந்து 5, புது ஆட்களுக்கு 48-லிருந்து 51). பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ் 22. பொதுச் சொற்கள் 20. நம் பெயர் 3, போட்டியாளர் நம் பெயரில் விளம்பரம் போடும் ஊர்களில் மட்டும். யூடியூப் 4, தீபாவளிக்கு மட்டும். அமேசான் 34. சோதனைக்கு ஒதுக்கீடு 5.

முடிவு 1: இந்தப் பங்கீட்டுக்கு ஒப்புதல். முடிவு 2: வெப்சைட்டில் கூடுதல் வாடிக்கையாளரின் செலவு ஒரு காலாண்டில் ரூ.1,000-ஐத் தாண்டினால் நான் செலவைக் குறைக்க அனுமதி. விற்பனை இலக்கைக் காட்டித் திரும்பக் கூட்டச் சொல்லக் கூடாது. முடிவு 3: செப்டம்பர் முதல் வாரத்துக்குள் 5 லிட்டர் கேன் இருப்பு.

எதிர்பார்க்கும் கேள்விகள்

"பொதுச் சொற்கள் 2.8 மடங்குதான், எல்லைக்கோட்டுக்குக் கீழே. ஏன் கூட்டுகிறீர்கள்?" "மரச்செக்கு நல்லெண்ணெய் 5 லிட்டர்" போன்று தேடி வருபவர்களில் 81% புதியவர்கள். அவர்களின் கேஷ் ஆன் டெலிவரி பார்சல் திரும்புவது 15%, மெட்டாவில் 24%.

"பெயர் விளம்பரத்தைக் குறைத்தால் போட்டியாளர் நம் ஆட்களை எடுத்துக்கொள்ள மாட்டாரா?" வாரந்தோறும் ஏல அறிக்கையில் நம் பெயருக்கு யார் போட்டியிடுகிறார்கள் என்று பார்க்கிறோம். சோதனை நடந்த இரண்டு ஊரிலும் ஒருவர் மட்டுமே வந்தார், அதுவும் இரண்டாம் வாரத்தில் நின்றுவிட்டது. மறுபடி வந்தால் அந்த ஊரில் அன்றே இயக்கிவிடலாம். 3 லட்சம் அதற்குத்தான்.

"விற்பனை வளர்ச்சி குறையாதா?" வெப்சைட்டில் வளர்ச்சி குறையும். குறைவது லாபம் தராத ஆர்டர்கள். மாதம் ஒருமுறை மிச்சக் கணக்கை நிதித் தலைவரும் நானும் சேர்ந்து கையெழுத்திட்டு அனுப்புகிறோம். முதல் அறிக்கை மே 10.