இலவச மருத்துவ முகாம்: ஆட்டோ ஒலிபெருக்கி அறிவிப்பு

(சனிக்கிழமை மாலை 5 மணியிலிருந்து. தெருமுனையில் வண்டியை நிறுத்தி, பாட்டை அணைத்துவிட்டு, நிதானமாக வாசிக்கவும்.)

வணக்கம். தருமபுரி வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் வசிக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே!

நாளை ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணி முதல் மதியம் 1 மணி வரை, பிள்ளையார் கோயிலை ஒட்டிய நம் சமுதாயக் கூடத்தில் இலவச மருத்துவப் பரிசோதனை முகாம் நடக்கிறது. ஏற்பாடு, நம் குடியிருப்போர் நலச் சங்கம். சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தசோகை, கண், பல், இ.சி.ஜி. எல்லாம் ஒரே இடத்தில் பார்க்கிறார்கள். ஒரு ரூபாய் செலவில்லை. அங்கே யாரும் எதையும் விற்க மாட்டார்கள், ஓ.டி.பி. கேட்க மாட்டார்கள். அப்படி யாராவது கேட்டால் உடனே சங்கத்துக்காரர்களிடம் சொல்லுங்கள்.

இப்போது சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். சர்க்கரை பார்ப்பவர்கள் வெறும் வயிற்றில் வர வேண்டும். இன்று இரவு 9 மணிக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். அதற்கப்புறம் தண்ணீர் மட்டும்தான். காலையில் காபி, டீ கூடாது. சர்க்கரை போடாத டீயும் டீதான். ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் காலையில் அதைப் போட்டுக்கொள்ளாமல் கையோடு எடுத்து வாருங்கள். ரத்தம் கொடுத்து, சாப்பிடும் நேரத்தில் போட்டுக்கொள்ளலாம். உங்களை வரிசையில் நிற்க வைக்க மாட்டோம், முதலில் அனுப்பிவிடுவோம். இடையில் தலைசுற்றல், வியர்வை, நடுக்கம் வந்தால் முகாமைப் பற்றி யோசிக்காமல் உடனே இனிப்பாக ஏதாவது சாப்பிடுங்கள். பிரஷர் மாத்திரையை வழக்கம்போல் தண்ணீரில் போட்டுக்கொண்டே வரலாம். ரத்தம் கொடுத்தவர்களுக்கு இட்லியும் கேழ்வரகுக் கூழும் தயாராக இருக்கும்.

அடுத்தது நம் ஊருக்கே உள்ள விஷயம். நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகள் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை படிவதற்கும், பெரியவர்களுக்கு இடுப்பும் மூட்டும் இறுகிப்போவதற்கும் அது ஒரு காரணம். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்துவிட்டது, சரிதான். ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீரில்தானே சோறு பொங்குகிறோம்? காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு இன்னும் கூடத்தான் செய்யும். அதனால் போர் தண்ணீரைப் புழங்குபவர்கள் ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் அரை லிட்டர் பிடித்து, மேலே வீட்டு எண்ணை எழுதிக் கொண்டு வாருங்கள். அங்கேயே சோதித்துச் சொல்வார்கள். பல்லில் கறை உள்ள பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், பல் டாக்டர் இருக்கிறார்.

தாய்மார்களுக்குத் தனி அறை, பெண் டாக்டர். 30 வயதைத் தாண்டியவர்களுக்கு மார்பகப் புற்றுநோய், கருப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனை உண்டு. மாதவிலக்கு நாளாக இருந்தால் கருப்பை வாய்ப் பரிசோதனைக்கு வேறு தேதி தருவார்கள். மற்றவற்றை நாளைக்கே பார்த்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் டிபன் செய்து முடித்துவிட்டு 12 மணிக்கு வராதீர்கள் அம்மா. வீட்டில் ஒரு வேளை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

ஓசூர் கம்பெனிகளில் நைட் ஷிப்ட் முடித்து வரும் தம்பிகளே, பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக இங்கே வந்துவிட்டு அப்புறம் தூங்கப் போங்கள். "எனக்கு ஒன்றும் இல்லை" என்பவர்கள்தான் முதலில் வர வேண்டும். ரத்த அழுத்தம் 140-க்கு 90-ஐத் தாண்டி இருந்தாலும் பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது.

வரும்போது ஆதார் அட்டை, பழைய மருந்துச் சீட்டு, போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரை அட்டை, கண்ணாடி அணிபவர்கள் அந்தக் கண்ணாடி, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதுவும் கொண்டு வாருங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வாங்குபவர்கள் அதன் விவரத்தையும் காட்டுங்கள். கண்புரையோ வேறு எதுவோ தெரிந்தால், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டு எழுதித் தருவார்கள்.

நடக்க முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இப்போதே இந்த ஆட்டோவை நிறுத்திச் சொல்லுங்கள். காலையில் இதே வண்டி வாசலுக்கு வரும், வாடகை இல்லை. பைக்கைக் கூடத்தின் வாசலில் நிறுத்த வேண்டாம், கோயில் பின்புறம் இடம் இருக்கிறது.

(வண்டி ஓடும்போது, திரும்பத் திரும்ப)

நாளை ஞாயிறு, காலை 7 மணி, சமுதாயக் கூடம், இலவச மருத்துவ முகாம்! சர்க்கரை பார்ப்பவர்கள் வெறும் வயிற்றில் வாருங்கள்! வீட்டுப் போர் தண்ணீர் அரை லிட்டர் கொண்டு வாருங்கள்!

(ஞாயிறு காலை 6 மணிக்கு, சத்தம் குறைத்து)

முகாம் இன்னும் ஒரு மணி நேரத்தில் தொடங்குகிறது. அடுப்பில் டீ வைத்திருப்பவர்கள் குடிக்காமல் வாருங்கள். டோக்கன் இப்போதே கொடுக்கிறோம், கடைசி டோக்கன் 12 மணிக்கு.