வலைத்தள வடிவமைப்பு ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன்

வடிவமைப்பாளரான உங்கள் பக்கம் நின்று கீழுள்ள பிரிவுகளுக்கு நிறம் கொடுத்திருக்கிறேன். சிவப்பு என்றால் திருத்தாமல் கையெழுத்துப் போடாதீர்கள். மஞ்சள், பேசிப் பாருங்கள். பச்சை, அப்படியே விடலாம்.

பிரிவு 4, கட்டணம். மஞ்சள்: பணம் தர 60 நாள் அவகாசம் என்பது நீளம், 30 நாள் கேளுங்கள்.

பிரிவு 6, திருத்தங்கள். சிவப்பு: "வாடிக்கையாளர் திருப்தியடையும் வரை" என்பதற்கு முடிவே கிடையாது, "2 சுற்று, அதற்குமேல் மணிக்கணக்கில் கட்டணம்" என்று மாற்றுங்கள்.

பிரிவு 7, உரிமை மாற்றம். சிவப்பு: கையெழுத்திட்ட அன்றே வடிவமைப்பு வாடிக்கையாளருடையதாகிறது, பணம் வராவிட்டால் உங்கள் கையில் பிடி இருக்காது, "முழுத்தொகை வந்த பின்" என்று சேர்த்தால் பச்சை.

பிரிவு 9, ரகசியம். பச்சை: இரு தரப்புக்கும் பொருந்துகிறது, 2 ஆண்டில் முடிகிறது.

பிரிவு 11, இழப்பீடு. சிவப்பு, இருப்பதிலேயே ஆபத்தானது: நீங்கள் தர வேண்டிய இழப்பீட்டுக்கு உச்சவரம்பே இல்லை, வாங்கும் கட்டணத்தைப்போல் பல மடங்கு கட்ட நேரலாம், "பெற்ற கட்டணத்துக்கு மேல் இல்லை" என்று எழுத வையுங்கள்.

பிரிவு 14, முகவரி அறிவிப்பு. பச்சை: வழக்கமானது.